புகையிலை பற்றிய தவறான நம்பிக்கைகள்: கல்லூரி நலவாழ்வு மன்றத்திற்கான சரி–தவறு வினாடி வினா

சரி–தவறு வினாடி வினா என்பது ஒரு கூற்றைப் படித்து, அது உண்மையா பொய்யா என்று குறிக்கும் எளிய தேர்வு முறை ஆகும். கல்லூரி நலவாழ்வு மன்றங்களும் நாட்டு நலப்பணித் திட்ட அணிகளும் மே 31 அன்று வரும் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளையொட்டி இத்தகைய வினாடி வினாக்களை நடத்துவதுண்டு. ஒரு தாளும் அரை மணி நேரமும் இருந்தால் போதும்.

புகையிலை பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை முழுப் பொய்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் ஓர் அரை உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'தவறு' என்று மட்டும் சொன்னால், மாணவர் தாம் கண்ட அரை உண்மையை நினைத்து அந்த விடையை நம்ப மறுக்கிறார். சில நேரங்களில் சரியான விடையே புதியதொரு தவறான முடிவுக்கு வழிவிடுகிறது. எனவே ஒவ்வொரு விடைக்கும் மூன்று பகுதிகள் தேவை: கூற்றில் உள்ள உண்மை, அது எந்த இடத்தில் பிழையாகிறது என்பது, விடையிலிருந்து எந்த முடிவுக்கு வரக்கூடாது என்பது. கீழே உள்ள ஆறு கூற்றுகளும் அந்த முறையில் விளக்கப்பட்டுள்ளன.

கூற்று 1: பீடியில் புகையிலை குறைவு, ஆகவே சிகரெட்டைவிட அதன் கேடும் குறைவு.

விடை: தவறு. ஒரு பீடியில் உள்ள புகையிலை ஒரு சிகரெட்டில் உள்ளதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் உடலுக்குள் செல்வது புகையிலைத் தூள் அன்று, புகை. பீடியைச் சுற்றியிருக்கும் இலை காகிதத்தைப் போலக் காற்றை எளிதாக உள்ளே விடுவதில்லை. இழுக்காமல் விட்டால் பீடி அணைந்துவிடும். அதனால் புகைப்பவர் அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்கிறார். விளைவாக ஒரு பீடியிலிருந்து கிடைக்கும் தார், நிகோட்டின், கார்பன் மோனாக்சைடு ஆகியவை சிகரெட்டில் கிடைப்பதற்குக் குறைவதில்லை; பல ஆய்வுகளில் அதிகமாகவே இருந்துள்ளன.

இதைக் கேட்டு 'அப்படியானால் சிகரெட்டுக்கு மாறுவது நல்லது' என்று ஒருவர் முடிவு செய்யலாம். அதுவும் பிழை. சிகரெட்டின் வடிமுனை புகையைப் பாதுகாப்பானதாக ஆக்குவதில்லை. 'லைட்' என்று விற்கப்பட்ட சிகரெட்டுகளின் வடிமுனையில் நுண்ணிய துளைகள் உண்டு. சோதனை இயந்திரம் இழுக்கும்போது அவற்றின் வழியே காற்று கலந்து, தார் அளவு குறைவாகப் பதிவாகும். மனிதர் இழுக்கும்போது விரலும் உதடும் அத்துளைகளை மூடிவிடுகின்றன. நிகோட்டின் போதாமல் அவர் இன்னும் ஆழமாகவும் இழுக்கிறார்.

கூற்று 2: ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் மட்டும் என்றால் இதயத்திற்குப் பெரிய பாதிப்பு இல்லை.

விடை: தவறு. அளவு கூடினால் கேடு கூடும் என்பது உண்மை. நுரையீரல் புற்றுநோயில் அது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இதயம் இந்தக் கணக்கில் இயங்குவதில்லை. நாளொன்றுக்கு 20 சிகரெட் புகைப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழப் பாதி அளவு ஒரே ஒரு சிகரெட் புகைப்பவருக்கும் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது. இருபதில் ஒரு பங்கு அன்று, ஏறத்தாழப் பாதி. சிறிதளவு புகையே இரத்தத்தட்டுகளை எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்கிறது. இரத்தக் குழாயின் உட்சுவரையும் பாதிக்கிறது. அதன்பின் அளவு கூடும்போது இந்த விளைவுகள் அதே வேகத்தில் கூடுவதில்லை.

'ஒன்றும் இருபதும் ஒன்றுதான் என்றால் குறைத்து என்ன பயன்?' என்ற கேள்வி இங்கே எழும். எண்ணிக்கையைக் குறைப்பது விடுவதற்கான ஒரு படியாகலாம். ஆனால் அதையே முடிவாகக் கொண்டு நின்றுவிட்டால் இதயத்திற்குக் கிடைக்கும் நன்மை சிறிதே.

கூற்று 3: புகைக்காமல் மெல்லும் புகையிலையும் புற்றுநோயை உண்டாக்கும்.

விடை: சரி. எரியும்போதுதான் நச்சுப் பொருள்கள் உருவாகின்றன என்ற எண்ணம் பாதி உண்மை. தாரும் கார்பன் மோனாக்சைடும் எரிவதால் வருபவை. ஆனால் புகையிலைக்கே உரிய நைட்ரசமீன்கள் என்னும் புற்றுநோய் ஊக்கிகள், இலையைப் பதப்படுத்தும்போதும் புளிக்க வைக்கும்போதும் உருவாகின்றன. அவற்றுக்கு நெருப்பு தேவையில்லை. கன்னத்திலோ உதட்டின் அடியிலோ புகையிலையை அடக்கி வைக்கும்போது, அதே இடத்துச் சவ்வின் மீது அவை நீண்ட நேரம் படிகின்றன. உடன் சேர்க்கும் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, நிகோட்டின் விரைவாக உட்செல்ல வழிசெய்கிறது.

'புகையிலை இல்லாத பாக்கு என்றால் பரவாயில்லை' என்ற முடிவும் சரியன்று. பாக்கும் புற்றுநோய் ஊக்கி என வகைப்படுத்தப்பட்ட பொருளே. தொடர்ந்து பாக்கு மெல்பவர்களுக்கு வாயின் உட்சவ்வு இறுகி, வாயைத் திறக்கும் அளவு மெல்லக் குறையலாம். காரம் பட்டால் எரிச்சல், ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு ஆகியவை இருந்தால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கூற்று 4: சிகரெட்டால் வரும் புற்றுநோய்க்கு முதன்மைக் காரணம் நிகோட்டின்.

விடை: தவறு. நிகோட்டின் தீங்கற்ற பொருள் அன்று. ஒருவரைப் புகையிலைக்கு அடிமையாக்குவது அதுதான். ஆனால் புற்றுநோயை உண்டாக்குபவை பெரும்பாலும் புகையில் உள்ள பிற பொருள்கள். நைட்ரசமீன்கள், பென்சீன், பென்சோபைரீன் ஆகியவை அவற்றுள் சில. இந்த வேறுபாட்டை அறியாதவர், புகைப்பதை விட உதவும் நிகோட்டின் மெல்லுபசையையும் ஒட்டுப்பட்டையையும் கண்டு அஞ்சி ஒதுக்கிவிடுகிறார், சிகரெட்டைத் தொடர்கிறார். ஆகவே ஆறு கூற்றுகளில் இந்த ஒன்றைத் தவறாக நம்புவது நேரடியாகவே ஒருவரைப் புகைப்பழக்கத்தில் தங்க வைக்கக்கூடும்.

அதற்காக நிகோட்டினைப் புகைக்காதவர் சுவைத்துப் பார்க்கலாம் என்று ஆகாது. மெல்லுபசை ஏற்கெனவே அடிமையானவருக்கான மருந்து. மிட்டாயைப் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோட்டின் வயிற்றுக்குள் சென்று விக்கலும் குமட்டலும் வரும். காரச்சுவை தெரியும்வரை மெதுவாக மென்று, பின் கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை குறைந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும்.

கூற்று 5: தேர்வு நேரத்தில் சிகரெட் மன அழுத்தத்தைக் குறைக்கிறது.

விடை: தவறு. புகைத்தவுடன் படபடப்பு தணிவது உண்மையான உணர்வுதான். ஆனால் அந்தப் படபடப்பின் ஒரு பகுதியை முந்தைய சிகரெட்டே உண்டாக்கியிருக்கிறது. இரத்தத்தில் நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சலும் கவனச் சிதறலும் தோன்றுகின்றன. அடுத்த சிகரெட் அந்தக் குறையை நிரப்புகிறது. தேர்வின் பயத்தை அது தொடுவதில்லை. மூன்று மணி நேரத் தேர்வின் பின்பாதியில் புகைப்பவருக்கு வரும் தவிப்பு, புகைக்காதவருக்கு இல்லாத கூடுதல் சுமையாகும்.

இதனால் 'விட்டவுடன் அமைதி வந்துவிடும்' என்று சொல்லக்கூடாது. விட்ட முதல் சில நாள்கள் கடினமானவை. தவிப்பு பொதுவாகச் சில வாரங்களில் தணிகிறது. தேர்வுக்கு முந்தைய நாள் விடத் தொடங்குபவர் அதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும்.

கூற்று 6: நாற்பது வயதில் விட்டாலும் வாழ்நாள் கூடும்.

விடை: சரி. பிரிட்டனில் 1951-இல் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் ஆகியோர் மருத்துவர்களையே ஆய்வுக்கு உட்படுத்தி, அவர்களின் புகைப்பழக்கத்தைப் பதியத் தொடங்கினர். ஐம்பது ஆண்டுகால முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. தொடர்ந்து புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகளும், 50-இல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 40-இல் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும் திரும்பக் கிடைத்தன. 30-இல் விட்டவர்கள் இழக்கவிருந்த பத்தாண்டுகளையும் ஏறக்குறைய முழுமையாக மீட்டனர்.

இருபது வயது மாணவர் இதிலிருந்து 'இன்னும் பத்தாண்டு இருக்கிறது' என்று கணக்குப் போடக்கூடும். இவை சராசரிகள், ஒருவருக்கான உறுதிமொழி அல்ல. மேலும், பத்தாண்டு பழகிய அடிமைத்தனத்தை விடுவது எளிதன்று.

நடத்தும் முறையும் மதிப்பீடும்

சரி–தவறு தேர்வில் ஒரு குறை உண்டு: எதுவும் தெரியாமல் குறித்தாலும் பாதி விடைகள் சரியாக அமையும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே 'உறுதி', 'ஊகம்' என்ற இரண்டு கட்டங்களைச் சேர்க்கலாம். மாணவர் விடையுடன் இவற்றில் ஒன்றையும் குறிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 40 பேர் எழுதியதாகக் கொள்வோம். முதல் கூற்றில் 24 பேர் தவறாக விடையளித்து, அவர்களில் 18 பேர் 'ஊகம்' என்று குறித்திருந்தால், அங்கே இருப்பது அறியாமை, விளக்கம் போதும். நான்காம் கூற்றிலும் 24 பேர் தவறியிருந்து, அவர்களில் 18 பேர் 'உறுதி' என்று குறித்திருந்தால், அங்கே இருப்பது ஊன்றிய நம்பிக்கை. இரண்டு கூற்றுகளிலும் மதிப்பெண் ஒன்றே. ஆனால் கலந்துரையாடலின் பெரும்பகுதி நான்காம் கூற்றுக்குப் போக வேண்டும். அங்கே முதலில் கேட்க வேண்டியது 'ஏன் அப்படி நினைத்தீர்கள்?' என்பதே.

தாளில் பெயர் எழுதச் சொல்லக்கூடாது. புகைப்பவர் யார் என்று கையுயர்த்தச் சொல்வதும் கூடாது. அப்படிச் செய்தால் விளக்கம் மிகவும் தேவைப்படுபவரே முதலில் வெளியேறுவார். எல்லாக் கூற்றுகளும் தவறாக இருந்தால் மாணவர்கள் மூன்றாம் கூற்றிலேயே அதைக் கண்டுகொள்வார்கள். ஆகவே உண்மைக் கூற்றுகளையும் இடையிடையே கலக்க வேண்டும்.

இரண்டு வாரங்கள் கழித்து அதே செய்தியை மாற்றிக் கேட்பது நல்ல சோதனை. 'பீடியில் புகையிலை குறைவாக இருந்தாலும் புகையின் நச்சு குறைவதில்லை' என்ற கூற்றுக்கும் ஒருவர் 'தவறு' என்று குறித்தால், அவர் விடையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார். காரணம் அவரைச் சென்று சேரவில்லை.

விட விரும்புபவர் யாரிடமும் சொல்லாமல் குறித்துக்கொள்ளும் வகையில், தாளின் அடியில் இந்தியாவின் தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணான 1800-11-2356 என்பதை அச்சிடலாம். இதற்குப் பேசக் கட்டணம் இல்லை.