மூன்று நாள் தாமதம், நான்கு கேள்விகள்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். ஐரோப்பிய பையர் ஒருவர் 32 பக்க ஆங்கில ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை முழுக்கத் தமிழில் படித்துவிட வேண்டும் என்கிறார் முதலாளி. வெள்ளிக்கிழமை தருவதாக ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பாளரிடமிருந்து புதன்கிழமை மாலை ஒரு கடிதம் வருகிறது. நிறுவனமும் கடிதமும் விளக்கத்துக்காக இங்கே நாம் அமைத்துக்கொண்டவை. அந்தக் கடிதத்தில் வரும் சிக்கல்களோ ஒப்பந்த மொழிபெயர்ப்பில் அன்றாடம் தலைகாட்டுபவை.

"ஐயா, வணக்கம். 32 பக்கங்களில் 27 பக்கங்களை முடித்துச் சரிபார்த்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மீதிப் பக்கங்களில் நான்கு இடங்களில் மூலத்துக்கு இரண்டு பொருள் வருகிறது. எது சரி என்று நானே முடிவுகட்டுவது முறையல்ல. வெள்ளி மதியத்துக்குள் பதில் வந்தால் திங்கள் காலை முழுப் பிரதியும் தந்துவிடுவேன். பதில் தள்ளிப்போனால் அத்தனை நாள் பிரதியும் தள்ளிப்போகும்."

தாமதத்தைச் சொல்லும் பகுதி இவ்வளவுதான். உடம்பு சரியில்லை, கரன்ட் இல்லை என்ற பேச்சே இல்லை. முடிந்தது எவ்வளவு, நிற்பது எவ்வளவு, எதற்காக நிற்கிறது, புதிய தேதி எதைப் பொறுத்தது என்ற நான்கும் வந்துவிட்டன. முடிந்த பக்கங்கள் கையில் கிடைத்துவிட்டதால் முதலாளி அன்றிரவே படிக்கத் தொடங்கலாம்.

இந்தக் கேள்விகளை முதல் நாளே கேட்டிருக்கக் கூடாதா என்று யாருக்கும் தோன்றும். சிலவற்றைக் கேட்டிருக்கலாம். அனுபவமுள்ளவர்கள் வேலையைத் தொடங்குமுன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுக்கப் படிப்பார்கள். சொற்களுக்கு விளக்கம் தரும் பகுதியை இரண்டு முறை படிப்பார்கள். ஆனாலும் சில இரட்டைப் பொருள்கள் வாசிக்கும்போது கண்ணில் படுவதில்லை. 7ஆம் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு, 19ஆம் பக்கத்தில் அதே சொல் வந்து, போட்ட தமிழ் அங்கே பொருந்தாமல் முட்டும்போதுதான் தெரியும்.

கடிதத்தின் முதல் கேள்வி அப்படிப்பட்டது. 19ஆம் பக்கத்தில், 'மெட்டீரியல் டிஃபெக்ட்' எதற்கும் சப்ளையரே பொறுப்பு என்று இருக்கிறது. சட்ட ஆங்கிலத்தில் 'மெட்டீரியல்' என்றால் முக்கியமான, பொருட்படுத்தத்தக்க என்று பொருள். பின்னலாடைத் தொழிலில் அதுவே துணி. இதே ஒப்பந்தத்தின் 7ஆம் பக்கத்தில், எல்லா 'மெட்டீரியலும்' சாயம் போகிறதா என்று சோதிக்கப்பட வேண்டும் என்று வருகிறது. அங்கே துணி என்பதில் சந்தேகமே இல்லை. அப்படியானால் 19ஆம் பக்கத்தில் எது?

இதை மொழிபெயர்ப்பாளர் வெறுமனே "பொருள் என்ன?" என்று கேட்கவில்லை. இரண்டு வாசிப்பையும் எதிரெதிரே வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளைவைச் சொல்கிறார். துணிக் குறைபாடு என்று கொண்டால், 20,000 டி-ஷர்ட்டில் தோள்பட்டைத் தையல் பிரிந்தாலும் இந்தப் பிரிவு பாயாது. நிறத்தில் சிறு வேறுபாடு இருந்தாலே பாயும். முக்கியக் குறைபாடு என்று கொண்டால் எல்லாம் தலைகீழ். தையல் பிரிந்தது சப்ளையர் தலையில் விழும். சிறு நிற வேறுபாடு விழாது. இப்படி எழுதினால்தான் முதலாளிக்குக் கேள்வி புரியும். ஆங்கிலச் சொல்லின் பொருளை அவரிடம் கேட்டுப் பயனில்லை. தோள்பட்டைத் தையலுக்கு யார் பொறுப்பு என்று பேசி முடித்தீர்கள் என்று கேட்டால் அவரால் பட்டென்று சொல்ல முடியும்.

தொழிலை அறிந்தவரைக் கேட்பது வெறும் மரியாதைக்காக அல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 29ஆம் பிரிவில், பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்படிக்கை செல்லாது என்கிறது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம்: ஒருவர் 'நூறு டன் எண்ணெய்' விற்க ஒப்புக்கொள்கிறார். என்ன எண்ணெய் என்று காட்ட எதுவும் இல்லை. நிச்சயமின்மையால் அது செல்லாது. இன்னோர் உதாரணத்தில் அதே வாக்கியம்தான், ஆனால் விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி. அவருடைய தொழிலே பொருளைக் காட்டிவிடுவதால் ஒப்பந்தம் நிற்கிறது. மாறியது எழுத்து அல்ல, எழுத்துக்கு வெளியே இருக்கும் செய்தி. அந்தச் செய்தி மொழிபெயர்ப்பாளரின் மேசையில் கிடையாது. திருப்பூர்க் கம்பெனியில்தான் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது பற்றியது. ஒப்பந்தம் மூன்று ஆண்டு நடக்கும், அதன்பின் மூன்று மூன்று ஆண்டாகத் தொடரும், ஆறு மாத முன்னறிவிப்பு தந்து முடித்துக்கொண்டால் ஒழிய, என்பதாக ஆங்கில வாக்கியம் ஓடுகிறது. கடைசித் துண்டு எதற்குச் சேரும்? தொடரும் காலத்துக்கு மட்டுமா, முதல் மூன்று ஆண்டுக்கும் சேர்த்தா?

இதே சிக்கலில் கனடாவில் ஒரு வழக்கே நடந்தது. ரோஜர்ஸ் என்ற கேபிள் நிறுவனம் தன் கம்பிகளைத் தாங்கும் கம்பங்களுக்காக அலியண்ட் நிறுவனத்துடன் 2002இல் ஒப்பந்தம் போட்டது. ஐந்து ஆண்டுக்கு நடக்கும், பிறகு ஐந்தைந்து ஆண்டாகத் தொடரும், ஓராண்டு முன்னறிவிப்பால் முடிக்கப்பட்டால் ஒழிய, என்பது அதன் சாரம். முதல் ஐந்து ஆண்டில் யாரும் கை வைக்க முடியாது என்று ரோஜர்ஸ் நம்பியிருந்தது. ஐந்து ஆண்டு முடியுமுன்பே அலியண்ட் முன்னறிவிப்பு கொடுத்தது. 'ஒழிய' என்பதற்கு முன்னால் ஒரு கமா இருக்கிறது, ஆகவே முடிக்கும் உரிமை வாக்கியம் முழுவதற்கும் பொருந்தும் என்பது அதன் வாதம். 2006இல் கனடாவின் ஒலிபரப்பு தொலைத்தொடர்பு ஆணையம் அந்தக் கமாவை வைத்தே அலியண்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து லட்சம் டாலர் கமா என்று செய்தித்தாள்கள் அதற்குப் பெயர் வைத்தன.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஒப்பந்தம் ஆணையம் ஒப்புதல் அளித்த ஒரு மாதிரிப் படிவத்தைப் பின்பற்றியது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள் என்பதால் படிவத்துக்குப் பிரெஞ்சு வடிவமும் இருந்தது. பிரெஞ்சில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான்: முடிக்கும் உரிமை தொடரும் காலத்துக்கு மட்டுமே உரியது. 2007இல் ஆணையம் அதை ஏற்று, கமாவை வைத்துச் சொன்ன முடிவை மாற்றிக்கொண்டது. ஆங்கிலம் இரண்டாகக் காட்டியதை இன்னொரு மொழி ஒன்றாகக் காட்டிவிட்டது.

தமிழும் அப்படித்தான் கட்டாயப்படுத்தும். 'ஒழிய' என்று கடைசியில் ஒட்டவைப்பது தமிழ் நடை ஆகாது. நிபந்தனை நமக்கு முன்னால் வர வேண்டும். "ஆறு மாத முன்னறிவிப்பு தந்து முடித்துக்கொள்ளாத வரை, இந்த ஒப்பந்தம் மூன்று ஆண்டு நடக்கும், பிறகு தொடரும்" என்றால் நிபந்தனை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. "இந்த ஒப்பந்தம் மூன்று ஆண்டு நடக்கும்; அதன் பிறகு, ஆறு மாத முன்னறிவிப்பு தந்து முடித்துக்கொள்ளாத வரை, தொடரும்" என்றால் பின்பாதியை மட்டும் பிடிக்கிறது. நடுவில் நிற்க இடமில்லை. நிபந்தனையை எங்கே வைப்பது என்பது பார்வைக்கு நடை சார்ந்த சங்கதி. உண்மையில் அது, பையர் முதல் ஆண்டிலேயே கைவிட்டுப் போக முடியுமா என்ற கேள்வி. அதற்காகவே மெஷின் வாங்கக் கடன் எடுத்திருக்கும் முதலாளிக்கு இதைவிடப் பெரிய வரி ஒப்பந்தத்தில் வேறு இருக்காது.

மூன்றாவது கேள்வி சின்னது, ஆனால் தமிழில் எழுதும்போது எழுவது. இணைப்பாக வைத்த கடிதம் ஒன்றில் பையரும் அவருடைய ஏஜென்டும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சோதனைச் செலவை 'வீ' பகிர்ந்துகொள்வோம் என்கிறது கடிதம். ஆங்கிலத்தின் அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் இரண்டு உண்டு. 'நாங்கள்' என்றால் பையரும் ஏஜென்டும், திருப்பூருக்குச் செலவில்லை. 'நாம்' என்றால் படிப்பவரும் சேர்த்தி. அவருக்கும் பங்கு உண்டு. பேசும்போது நாம் யோசிக்காமலே பிரித்துச் சொல்லும் சொற்கள் இவை. இங்கே பணத்தைப் பிரிக்கின்றன.

நான்காவது வேறு ரகம். 'பெற்றதிலிருந்து 60 நாளுக்குள்' பணம் தரப்படும் என்கிறது ஒப்பந்தம். எதைப் பெற்றதிலிருந்து? இன்வாய்ஸ் மின்னஞ்சலில் அன்றே போய்விடும். தூத்துக்குடியில் கப்பல் ஏறும் சரக்கு போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஆனால் இந்த மயக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியும், ஏனென்றால் தமிழும் செயப்படுபொருளைச் சொல்லாமல் விட இடம் கொடுக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் எழுதுகிறார்: "இந்த இடத்தில் மூலத்தில் உள்ளபடியே விட்டிருக்கிறேன். வேலை இதற்காக நிற்கவில்லை. ஆனால் கையெழுத்துக்கு முன் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்."

இந்தப் பிரிப்பில்தான் தொழில் தெரிந்தவரின் கை தெரிகிறது. தமிழ் தாங்கும் மயக்கத்தை அவர் தாங்கவிடுகிறார். மூலம் மங்கலாக இருக்கும்போது அதைவிடத் தெளிவாக எழுதுவது உதவிபோலத் தெரிந்தாலும், இல்லாத உறுதியைப் படிப்பவருக்குக் கொடுத்துவிடும். தமிழ் தாங்காத மூன்றுக்கு மட்டும் வேலையை நிறுத்திக் கேட்கிறார். பையரை அவர் நேராகக் கேட்பதில்லை. ஒப்பந்தம் ரகசியம்; கேட்பதா வேண்டாமா, எப்போது கேட்பது என்பதெல்லாம் பேரம் சார்ந்தவை, முதலாளி கையில் இருக்க வேண்டியவை. பதிலை எழுத்தில் கேட்கிறார். போனில் சொன்னதைக் கேட்டு ஒரு வரியை மாற்றினால், நாளைக்கு அந்த வரி யாருடையது என்று காட்ட எதுவும் இராது.

கடைசிப் பக்கத்தில், இரு மொழிப் பிரதிகள் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்று ஒரு பிரிவும் இருக்கிறது. அப்புறம் தமிழுக்கு ஏன் இத்தனை மெனக்கெடல் என்று கேட்பவர்கள் உண்டு. முதலாளி முடிவெடுப்பது தமிழைப் படித்து, கையெழுத்துப் போடுவது ஆங்கிலத்தில். தமிழில் "துணிக் குறைபாடு" என்று படித்து நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டவரை, தையல் பிரிந்த நாளில் அந்தத் தமிழ்ப் பிரதி காப்பாற்றாது.

வெள்ளி காலை முதலாளியின் பதில் வருகிறது. செலவுப் பேச்சில் தமக்குப் பங்கு உண்டு, 'நாம்' என்றே போடுங்கள் என்கிறார். முடித்துக்கொள்ளும் பிரிவை பையரிடம் எழுதிக் கேட்டதில், முதல் மூன்று ஆண்டு உறுதி என்று அங்கிருந்தும் மின்னஞ்சல் வந்துவிட்டது. அதன் நகல் இணைப்பில். 'மெட்டீரியல்' மட்டும் தீரவில்லை, பையரின் சட்டப் பிரிவு பார்க்க வேண்டும் என்கிறார்களாம். திங்கள் காலை சொன்னபடி 32 பக்கமும் போகிறது. 19ஆம் பக்கத்தில் அந்தச் சொல் மட்டும் தமிழ் எழுத்தில் 'மெட்டீரியல் டிஃபெக்ட்' என்றே நிற்க, கீழே ஓர் அடிக்குறிப்பு: "மூலத்தில் இதற்கு இரு பொருள் உண்டு: (அ) துணியில் உள்ள குறைபாடு (ஆ) முக்கியமான குறைபாடு. பையரின் விளக்கம் இன்னும் வரவில்லை. மொ-ர்."