சேனை எந்தக் கட்டத்தில்?

பனச்சமூடு சந்தையிலிருந்து வாங்கி வந்த கூடையைத் திண்ணையில் கொட்டினேன். அக்கா பிள்ளைகள் இருவரும் ஓடி வந்தார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்குப் பத்து. தேங்காய், மட்டிப்பழம், ஏத்தன்காய், மரச்சீனி, பாவைக்காய், காந்தாரி, ஒரு துண்டு சேனை, ஒரு கைதச்சக்கை, கூழன் சக்கையில் ஒரு கீற்று. எண்ணிப் பார்த்தால் ஒன்பது. அன்று காலைதான் அவர்களுக்கு ஒன்பது கட்ட ஆட்டம் ஒன்றைச் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று கட்டம் போடுங்கள், மக்களே. இடமிருந்து வலமாக மூன்று நிரல்: ஒழுங்கு, நடு, தாறுமாறு. மேலிருந்து கீழாக மூன்று நிரை: நல்லது, நடு, கெட்டது. மேலே இடப்பக்க மூலையில் இருப்பது ஒழுங்கான நல்லது. கீழே வலப்பக்க மூலையில் இருப்பது தாறுமாறான கெட்டது. ஒன்பது பொருளையும் ஒரு கட்டத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

இந்தக் கட்டம் அமெரிக்காவில் ஒரு கதை விளையாட்டில் பிறந்தது. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். ஆட்டத்தில் வரும் வீரனோ பூதமோ எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முதலில் ஒழுங்கு, நடு, தாறுமாறு என்று மூன்றே வகைதான் வைத்தார்கள். ஒழுங்கான கொடுங்கோலனும் உண்டு, தாறுமாறான நல்லவனும் உண்டு அல்லவா? அதனால் நல்லது, கெட்டது என்ற இரண்டாவது அளவு பின்னால் சேர்ந்தது. 1978இல் வந்த விளையாட்டு நூலில் ஒன்பது வகையும் இருந்தன. பிறகு மக்கள் பூதங்களை விட்டுவிட்டுச் சாப்பாட்டையும் செருப்பையும் நாற்காலியையும் அதே கட்டத்தில் அடுக்கத் தொடங்கினார்கள். அடுக்கிய இடத்திலெல்லாம் சண்டை. அந்தச் சண்டை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் எங்கள் திண்ணையில் அளந்து பார்த்தோம்.

ஒருவர் அடுக்குவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்று இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்தேன். அண்ணன் வைத்தது இப்படி: மேல் நிரையில் தேங்காய், மட்டிப்பழம், கூழன் சக்கை. நடு நிரையில் ஏத்தன்காய், மரச்சீனி, கைதச்சக்கை. கீழ் நிரையில் பாவைக்காய், காந்தாரி, சேனை. தங்கையின் மேல் நிரை ஏத்தன்காய், மட்டிப்பழம், கைதச்சக்கை. நடுவில் தேங்காய், பாவைக்காய், கூழன் சக்கை. கீழே சேனை, காந்தாரி, மரச்சீனி.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்ததும் திண்ணை அதிர்ந்தது. “தேங்கா இல்லாம எந்தக் கறி உண்டு? அதப் போயி நடுவுல வச்சிருக்கா!” என்றான் அண்ணன். “கறிக்கு ஆகும். நான் தேங்காயச் சும்மா தின்பேனா? ஏத்தன்னா உப்பேரி வறுக்கலாம்” என்றாள் தங்கை.

சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, எண்ணச் சொன்னேன். இருவரும் ஒரே கட்டத்தில் வைத்தவை மட்டிப்பழமும் காந்தாரியும் மட்டும். ஒன்பதில் இரண்டு. இது அதிகமா, குறைவா? கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் எத்தனை பொருந்தும் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தேங்காய் அண்ணன் வைத்த கட்டத்திலேயே தங்கையிடமும் விழ ஒன்பதில் ஒரு வாய்ப்பு. மற்ற எட்டுக்கும் அதே கணக்கு. ஒன்பது பொருள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பதில் ஒரு பங்கு, கூட்டினால் ஒன்று. ஒன்பது பொருளை 3,62,880 விதமாக அடுக்கலாம். ஆனாலும் குருட்டாம்போக்கில் அடுக்கும் இருவருக்குச் சராசரியாக ஒரு பொருள் பொருந்தும்.

அடுத்து நிரல் மட்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். நிரல்கள் மூன்றுதான், ஆகவே குருட்டாம்போக்கில் ஒன்பதில் மூன்று பொருந்தும். நிரைக்கும் அதே மூன்று. எங்கள் பிள்ளைகளுக்கு நிரலில் ஆறு பொருந்தியது. நிரையில் மூன்றே மூன்று! எது ஒழுங்கு, எது தாறுமாறு என்பதில் பெரும்பாலும் இருவருக்கும் ஒரே எண்ணம். எது நல்லது என்பதில் கண்ணை மூடி அடுக்கியதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. அண்ணன் சமையலுக்கு ஆவதை நல்லது என்றான். தங்கை வாய்க்குப் பிடித்ததை நல்லது என்றாள். ஒரே சொல்லின் மேல் ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு இருவரும் தேங்காயைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒன்பது பொருள் சிறிய எண்ணிக்கைதான், அதனால் வேறு ஒன்பதை வைத்து இன்னொரு நாளும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அண்ணனையே மறுபடி அடுக்கச் சொல்லி, அவன் தாளோடு அவன் தாளை ஒப்பிடுவதும் நல்ல சோதனை.

நாம் பொருள்களுக்குப் பெயர் வைப்பதிலும் இதே குழப்பம் உண்டு. 1973இல் வெளியான ஓர் ஆய்வில் வில்லியம் லபோவ் என்ற அமெரிக்க மொழியியல் அறிஞர் கோப்பைப் படங்களைக் காட்டி, இதன் பெயர் என்ன என்று ஆட்களிடம் கேட்டார். படத்துக்குப் படம் வாய் அகன்றுகொண்டே போனது. ஒடுங்கியதைக் கோப்பை என்றும், மிக அகன்றதைக் கிண்ணம் என்றும் பெரும்பாலோர் சொன்னார்கள். நடுவில் இருந்தவற்றில் கருத்து பிரிந்தது. இதில் சாப்பாடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும், சற்றுமுன் கோப்பையாக இருந்தது பலருக்குக் கிண்ணமாகிவிட்டது. படம் மாறவில்லை, மனதில் நினைத்த பயன்தான் மாறியது. தேங்காயைக் கறியாக நினைத்த அண்ணனும் தின்பண்டமாக நினைத்த தங்கையும் இப்படித்தான் பிரிந்தார்கள்.

ஒரு கட்டத்துக்கு ஒன்று என்ற விதியும் சண்டையைக் கூட்டுகிறது. எங்கள் கூடையில் உண்மையில் கெட்ட பொருள் எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று பொருள்கள் கீழ் நிரைக்குப் போயே ஆக வேண்டும். யாரை அனுப்புவது? அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த ஆட்டம் பிடித்ததே அதனால்தான். பாவைக்காய் என்றும் கசக்கும், வாக்குத் தவறாது, அதனால் ஒழுங்கான கெட்டது என்று அண்ணன் சொன்னபோது நான் கைதட்டினேன்.

பிடித்தது பிடிக்காதது பற்றிய சண்டை தீராது. ஆனால் இரண்டு சண்டைகள் தீரக்கூடியவை. ஒன்று சேனை. அதன் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கின்றன. அவை குத்துவதால் கையும் தொண்டையும் சொறிகின்றன. “அது எப்பவும் சொறியும், அதனால ஒழுங்கு” என்பது தங்கையின் வாதம். “போன வாரம் வாங்கினது சொறியவே இல்லையே!” என்றான் அண்ணன். சொறிச்சல் குறைந்த ரகங்களும் உண்டு, அதனால் இரண்டும் நடக்கும். வெட்டிப் பார்க்கும்வரை தெரியாது. அப்படியானால் தாறுமாறுதான் என்று தங்கையே ஒப்புக்கொண்டாள்.

மற்றது மரச்சீனி. அதில் நஞ்சு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் அவள் அதைத் தாறுமாறான கெட்டதில் வைத்திருந்தாள். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருப்பது உண்மை. கிழங்கை நறுக்கும்போது அது சிதைந்து சயனைடு உண்டாகிறது. கசப்பு ரகங்களில் இது அதிகம். அதனால்தான் பாட்டி தோலைச் சீவி, துண்டாக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறாள். முறைப்படி செய்தால் சாப்பிடலாம், முறை தப்பினால் தொல்லை. இதைக் கேட்டதும் தங்கை மரச்சீனியைத் தூக்கி ஒழுங்கான கெட்டதில் வைத்தாள். மரச்சீனி இருந்த மூலைக்குச் சேனை போனது.

மறுபடி எண்ணினோம். ஒரே கட்டத்தில் பொருந்தியவை இப்போது மூன்று. நிரல் ஆறிலிருந்து ஏழாக ஏறியது. நிரை அதே மூன்றில் நின்றது. “தேங்காய மேல ஏத்து” என்றான் அண்ணன். “மாட்டேன்” என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள் தங்கை.