நான்கு இலக்கமும் ஒன்றாக எரிவதில்லை

12:45 என்று காட்டும் எல்.இ.டி. கடிகாரத்தில் ஒரு நேரத்தில் ஓர் இலக்கம்தான் எரிகிறது. புள்ளியோடு சேர்த்து ஓர் இலக்கத்துக்கு எட்டு விளக்குகள். தனித்தனியாக இணைத்தால் மைக்ரோகன்ட்ரோலரில் 32 கால்கள் வேண்டும். எட்டுக் கம்பிகளையும் பொதுவாக்கி, இலக்கத்துக்கு ஒரு சுவிட்ச் வைத்தால் 12 போதும்.

எவ்வளவு வேகமாக மாற்றுவது? இலக்கத்துக்கு 5 மில்லிவினாடி கொடுத்தால் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. அதாவது வினாடிக்கு 50 முறை. பலருக்கு இது துடிப்பது தெரியும், கடைக்கண்ணில் இன்னும் அதிகமாக. 2 மில்லிவினாடியாகக் குறைத்தால் 125 முறை. நேராகப் பார்க்கையில் நிலையாக எரியும். பார்வையைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் இலக்கங்கள் சிதறுவது அப்போதும் தெரியலாம். கையில் பிடித்துப் பார்க்கும் கருவிக்கு 200க்கு மேல் வைப்பதே என் பரிந்துரை.

இந்த நேரத்தை டைமர் இன்டரப்ட்டிடம் ஒப்படையுங்கள். முதன்மை நிரலில் வைத்தால், சென்சாரைப் படிக்கும்போதெல்லாம் ஓர் இலக்கம் மட்டும் பளிச்சிடும்.

பக்கத்து எண்ணின் மங்கலான நிழல் தெரிந்தால், வேகத்தைக் கூட்டுவது அதைத் தீர்க்காது, மோசமாக்கும். பழைய இலக்கத்தை முதலில் அணைத்து, கம்பிகளில் புதிய எண்ணை வைத்து, அதன்பிறகே அடுத்ததை ஏற்ற வேண்டும்.