மறைமுக முகவரியும் மீட்க முடியாத கணக்கும்

ஐபோனில் ஒரு செயலியில் சேரும்போது ‘Sign in with Apple’ என்ற பொத்தானை அழுத்தினால், சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கலாமா, மறைக்கலாமா என்று ஆப்பிள் கேட்கும். 2019-இல் அறிமுகமான வசதி இது. மறைப்பதாகச் சொன்னால், பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்து, privaterelay.appleid.com என்று முடியும் ஒரு முகவரியை ஆப்பிளே உருவாக்கிச் செயலிக்குத் தரும். அங்கே வரும் கடிதங்களை ஆப்பிளின் சர்வர் வாங்கி, பயனரின் உண்மையான அஞ்சல்பெட்டிக்கு அனுப்பிவிடும். மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ரிலேவும் டக்டக்கோவும் இதே வகைச் சேவையைத் தருகின்றன. விளம்பர அஞ்சல்களின் தொல்லை கூடினால் அந்த ஒரு முகவரியை மட்டும் நிறுத்திவிடலாம். மெய்யாகவே பயனுள்ள ஏற்பாடு இது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த முகவரியைப் பயனர் தட்டச்சு செய்ததே இல்லை. பலர் அதைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் அவருடைய மின்னஞ்சல் முகவரியாக இருப்பது அது ஒன்றுதான்.

ஒருவர் ஐபோனில் ஒரு கடைச் செயலியில் இப்படிச் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஆண்ட்ராய்டு போனுக்கு மாறுகிறார். அந்தக் கடையின் ஆண்ட்ராய்டு செயலியில் ஆப்பிள் பொத்தான் இல்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’ என்ற இடத்தில் தம் சொந்த முகவரியை இடுகிறார். ‘இந்த முகவரியில் கணக்கு இருந்தால் அஞ்சல் அனுப்பப்பட்டிருக்கும்’ என்று திரை சொல்கிறது. அஞ்சல் வரவே வராது. யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று திருடர்கள் துழாவிப் பார்க்காமல் இருக்கத்தான் அந்தச் செய்தி அப்படி மழுப்பலாக எழுதப்படுகிறது. அதே மழுப்பல் உரியவரையும் திகைக்கவைக்கிறது. அவர் ஸ்பேம் பெட்டியைத் தேடுகிறார், மறுபடி முயல்கிறார், கடைசியில் புதுக் கணக்குத் தொடங்குகிறார். பழைய ஆர்டர்களும் ரசீதுகளும் பழைய கணக்கிலேயே கிடக்கின்றன.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினாலும் இதே முட்டுக்கட்டைதான். பதிவு செய்த முகவரியிலிருந்து எழுதுங்கள் என்பார்கள். புதிதாக எழுதும் கடிதம் சொந்த முகவரியிலிருந்தே போகும் என்பதால், அவர்கள் கண்ணுக்கு அவர் அந்நியர். நிறுவனத்திடமிருந்து முன்பு வந்த கடிதம் ஒன்று இருந்து, அதற்குப் பதில் எழுதினால், அந்தப் பதில் ஆப்பிள் வழியாக மறைமுக முகவரியிலிருந்து வந்ததாகவே போய்ச் சேரும். ஆனால் பழைய கடிதங்கள் பெரும்பாலும் பதில் ஏற்காத பெட்டியிலிருந்து வந்தவை என்பதால், இந்த வழியும் எப்போதும் கைகொடுப்பதில்லை.

உறுதியான வழி, மறைந்திருக்கும் முகவரியைக் கண்டுபிடிப்பதே. account.apple.com தளத்தை எந்தக் கணினியிலும் திறக்கலாம். ஆப்பிள் கணக்கில் நுழைந்து ‘Sign in with Apple’ பகுதியைப் பார்த்தால், சேர்ந்த செயலிகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட முகவரியும் தெரியும். அதை நகலெடுத்துக் கடவுச்சொல் மீட்புப் பெட்டியில் இட்டால், அஞ்சல் சொந்தப் பெட்டிக்கு வந்து சேரும். இதற்கு ஆப்பிள் கணக்கு கையில் இருக்க வேண்டும். அது முடங்கினால், அதை நம்பியிருக்கும் எல்லாக் கணக்குகளும் சேர்ந்தே எட்டாமல் போகின்றன.

பாதுகாப்பு எச்சரிக்கைகளில் நேரும் கோளாறு இதைவிடக் கவலைக்குரியது, ஏனென்றால் வராத கடிதத்தை யாரும் தேடுவதில்லை. privaterelay முகவரிகளுக்கு யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. செயலியை நடத்தும் நிறுவனம், எந்த டொமைனிலிருந்து எழுதப்போகிறது என்று ஆப்பிளிடம் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். பதியாத இடத்திலிருந்து வரும் கடிதம் திருப்பி அனுப்பப்படும். வழக்கமான ரசீதுகளை அனுப்பும் டொமைன் பதிவில் இருக்கும். தகவல் கசிவு நேர்ந்த அவசரத்தில் எச்சரிக்கை அனுப்பும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தால், அதன் டொமைன் பதிவில் இருக்காது. எல்லோருக்கும் போன எச்சரிக்கை, மறைமுக முகவரி வைத்திருப்பவருக்கு மட்டும் போகாது. தொல்லை தாங்காமல் பயனரே முகவரியை நிறுத்தியிருந்தாலும் இதே கதிதான், விளம்பரத்தோடு எச்சரிக்கையும் நின்றுவிடும். பயனர் நிறுத்திய செய்தியை ஆப்பிள் அந்த நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வசதி உண்டு, அதைக் கவனிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்திருக்க வேண்டும்.

கசிவுகளைத் தேடிப் பார்க்க உதவும் Have I Been Pwned போன்ற தளத்தில் சொந்த முகவரியை இட்டாலும் அந்தக் கணக்கின் கசிவு தென்படாது. கசிந்தது மறைமுக முகவரி, ஆகவே தேட வேண்டியதும் அதையே.

பணமோ முக்கிய ஆவணமோ உள்ள கணக்கில், உள்ளே நுழைய முடிகிற காலத்திலேயே முகவரியை மாற்றிவிடுவது நல்லது. கணக்கின் அமைப்புகளில் சொந்த முகவரியைச் சேர்த்து, கடவுச்சொல் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றத்தை உறுதிசெய்யும் கடிதத்தைப் பல தளங்கள் பழைய முகவரிக்கே அனுப்புகின்றன. அது வந்து, மாற்றம் முடியும்வரை மறைமுக முகவரியை நிறுத்தக் கூடாது.