சொன்ன சொல்லுக்கு மக்கள் முன் ஒரு விலை

போர் மூளும் அபாயம் உள்ள நெருக்கடியில் ஒரு தலைவர் எதிரி நாட்டை எச்சரிக்கிறார். அது வெறும் மிரட்டலா, மெய்யான உறுதியா என்று எதிரி எப்படி அறிவது? போரிட விரும்பாதவரும் அதே சொற்களைச் சொல்ல முடியும். அதனால் சொல் மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரன் 1994-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மக்கள் அறிய எச்சரித்துவிட்டுப் பின்வாங்கும் தலைவர் சொந்த நாட்டிலேயே மதிப்பையும் வாக்குகளையும் இழக்கிறார். இந்த இழப்பைப் 'பார்வையாளர் விலை' எனலாம். மனதில் போரிடும் எண்ணம் இல்லாதவர் அந்த இழப்புக்கு அஞ்சி, பகிரங்கமாக மிரட்டத் தயங்குவார். ஆகவே துணிந்து மிரட்டுபவரை எதிரி நம்பக் காரணம் உண்டு. மக்களாட்சியில் எதிர்க்கட்சியும் பத்திரிகையும் தேர்தலும் இருப்பதால் இந்த விலை அதிகம். எனவே அங்கிருந்து வரும் எச்சரிக்கைக்கு வலுவும் அதிகம் என்பது ஃபியரனின் வாதம்.

1898-இல் நடந்த ஃபஷோடா நெருக்கடியில் இதைக் காணலாம். இன்றைய தெற்கு சூடானில், வெள்ளை நைல் கரையிலுள்ள ஃபஷோடாவை அந்த ஆண்டு ஜூலையில் மார்ஷான் தலைமையிலான சிறிய பிரெஞ்சுப் படை பிடித்தது. செப்டம்பரில் கிச்சனர் அதைவிடப் பெரிய படையுடன் அங்கே வந்து சேர்ந்தார். பிரெஞ்சுப் படை வெளியேறும் வரை பேரம் இல்லை என்று பிரிட்டிஷ் பிரதமர் சாலிஸ்பரி நின்றார். அக்டோபரில் அவரது அரசு இருதரப்புக் கடிதங்களையே அச்சிட்டு வெளியிட்டது. ரகசியமாக இருந்த நிலைப்பாடு ஊரறிந்ததாகிவிட்டது. இனி விட்டுக்கொடுத்தால் அது எல்லோர் கண்ணிலும் படும். எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் முன்னாள் பிரதமர் ரோஸ்பரியும் அரசை ஆதரித்துப் பேசினார். பிரிட்டன் உள்நாட்டில் பிளவுபட்டுத் தளரும் என்று பிரான்ஸ் எதிர்பார்க்க வழியில்லாமல் போனது. நவம்பர் தொடக்கத்தில் பிரெஞ்சு அரசு படையைத் திரும்ப அழைக்க முடிவு செய்தது.

ஆனால் இந்த முடிவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. பிரிட்டிஷ் கடற்படை மிக வலிமையானது. டிரெஃபஸ் வழக்கால் பிரான்ஸ் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பகிரங்க எச்சரிக்கை இல்லாவிட்டாலும் பிரான்ஸ் பின்வாங்கியிருக்கக்கூடும். வரலாற்றறிஞர் மார்க் டிராக்டன்பெர்க் 2012-இல் பழைய வல்லரசு நெருக்கடிகள் பலவற்றை ஆராய்ந்து, பார்வையாளர் விலை முடிவைத் தீர்மானித்ததற்கான சான்று மிகக் குறைவு என்றார்.

அதே வேளையில், அந்த விலை கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. மைக்கேல் டாம்ஸ் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க மக்களிடம் கற்பனையான நெருக்கடிகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். தொடக்கத்திலிருந்தே ஒதுங்கியிருந்த அதிபரைவிட, மிரட்டிவிட்டுப் பின்வாங்கிய அதிபரையே அவர்கள் அதிகம் குறை கூறினர். ஆனால் நிஜத்தில் தலைவர்கள், பின்னர் நழுவ இடம் இருக்கும்படி எச்சரிக்கையைத் தெளிவில்லாமல் சொல்வதும் உண்டு. அப்படிச் சொன்னால் பின்வாங்கும்போது கொடுக்கும் விலை குறையும். எதிரி அதை நம்புவதற்கான காரணமும் அந்த அளவுக்குக் குறையும்.