இலக்கினமும் பிறந்த நேரமும்

சாதகம் பார்ப்பதும் பாராது விடுவதும் அவரவர் விருப்பம். ஆயினும், பார்ப்போர் பிழையான நேரத்தைக் கொண்டு பார்த்தலாற் பயனில்லை. கலியாணப் பேச்சுகள் குறிப்பிலேயே நின்றுவிடும் நம்மூரில், அக்குறிப்பு எவ்வாறு பிழைபடும் என்பதை இங்கு ஆராய்வோம்.

பிள்ளை பிறக்கும் வேளையிற் கீழ்வானில் உதித்துக்கொண்டிருக்கும் இராசியே இலக்கினம் எனப்படும். பூமி நாளொன்றுக்கு ஒருமுறை சுழல்வதால், பன்னிரண்டு இராசிகளும் ஒரு நாளில் அடிவானத்தில் ஏறி முடிகின்றன. ஆகவே ஓர் இராசிக்கு ஏறக்குறைய 2 மணி, அதாவது 5 நாழிகை ஆகும். எல்லா இராசிகளும் ஒரே அளவாக ஏறுவதில்லை. மேடம் நம் நாட்டில் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடத்தில் ஏறிவிடும். சந்திரன் ஓர் இராசியில் இரண்டேகால் நாள் வரை நிற்பதால், சில நிமிடப் பிழை சந்திர இராசியைப் பெரும்பாலும் மாற்றாது. இலக்கினமோ அத்தகையதன்று. இரு இராசிகளின் எல்லையில் இரண்டு மூன்று நிமிடமே அதனை மாற்றிவிடும்.

நம் முன்னோர் மணிக்கூட்டை நோக்கியிருக்கவில்லை. சூரியன் உதித்து எத்தனை நாழிகையிற் பிள்ளை பிறந்தது என்றே குறித்தனர். உதயத்தின்போது சூரியன் நிற்கும் இராசியே இலக்கினமாதலின், அங்கிருந்து எண்ணிச் செல்லுதல் எளிது. இன்று நாம் மணிக்கூட்டு நேரத்திலிருந்து உதய நேரத்தைக் கழித்தே அந்நாழிகையைப் பெறுகின்றோம். பிழை நுழையும் வாயில் இதுவே.

இலங்கையின் மணிக்கூடு எப்போதும் ஒரே நிலையில் இருந்ததில்லை. உலகப் போர்க்காலத்தில், 1942 சனவரியில் அரை மணியும், அவ்வாண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணியும் முன்னே தள்ளப்பட்டது. 1945 ஒக்டோபரிற் பழைய நிலைக்கு மீண்டது. பின்னர் 1996 மே 25இல் ஒரு மணி முன்னே தள்ளி, ஒக்டோபர் 26இல் அரை மணி குறைத்தனர். எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரில் 15இலேயே நீங்கியது.

ஓர் உதாரணம் காண்போம். 1997 ஏப்ரில் 14ஆம் திகதி காலை 8.10 மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்ததாகக் கொள்வோம். அன்று சூரியன் மேடத்தின் தொடக்கத்தில் நின்றது. பழைய நேரப்படி உதயம் ஏறக்குறைய 6.00 மணி. ஆகவே மேட இலக்கினம் ஏறக்குறைய 7.50 வரை இருந்து, பின்னர் இடபம் தொடங்கும். நேர மாற்றத்தை அறியாதவர் 8.10இலிருந்து 6.00ஐக் கழித்து, 5 நாழிகை 25 விநாடி எனக் கொண்டு இடப இலக்கினம் என எழுதுவார். உண்மையில் அரை மணியை நீக்கினால் நேரம் 7.40 ஆகும். உதயாதி நாழிகை 4, விநாடி 10, இலக்கினம் மேடம்.

அன்று செவ்வாய் சிங்கத்தில் நின்றது. மேடத்திலிருந்து எண்ணினாற் சிங்கம் ஐந்தாமிடம். இலக்கினத்தாற் செவ்வாய்க் குற்றம் இல்லை. இடபத்திலிருந்து எண்ணினால் அதுவே நான்காமிடமாகிக் குற்றமுள்ள சாதகமாகும். கிரகம் அசையவில்லை, மணிக்கூடே அசைந்தது. அதனால் ஒரு பெண்ணுக்கு வந்த நல்ல சம்பந்தமொன்று தட்டிப்போகக்கூடும்.

ஆயினும், அக்காலத்துப் பிறப்புகள் யாவற்றுக்கும் அரை மணியைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்தலும் தவறு. வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிற் பழைய நேரமே வழங்கிற்று. பிற இடங்களிலும் பழைய நேரத்தையே சொல்லிய முதியோர் உளர். எனவே எழுதப்பட்டது எந்த நேரம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஐயம் எழுந்தால், "வெயில் ஏறி எவ்வளவு நேரத்திற் பிள்ளை பிறந்தது?" என்று பேர்த்தியாரைக் கேட்கலாம். மணிக்கூட்டைத் தள்ளினாலும் உதயம் தள்ளிப்போவதில்லை. அரை மணி வேறுபாட்டைக் காட்ட அவர் நினைவு பெரும்பாலும் போதும்.

சில நிமிட வேறுபாட்டுக்கு அது போதாது. மேற்கூறிய பிள்ளை 8.20க்குப் பிறந்திருப்பின், திருத்திய நேரம் 7.50, எல்லையிலேயே நிற்கும். அந்த 8.20 என்பது 8.17ஐயோ 8.22ஐயோ முழுமையாக்கி எழுதியதாக இருக்கலாம். தலை தோன்றிய நேரமா, முதல் அழுகையா, கொடி அறுத்த நேரமா என்பதிலும் வேறுபாடு வரும். மட்டக்களப்பிற் பிறந்த பிள்ளைக்கு யாழ்ப்பாண உதயத்தைக் கொண்டால் ஏறக்குறைய 7 நிமிடம் பிழைக்கும். அங்கே உதயம் அவ்வளவு முந்தியது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணிதமும் எல்லையைச் சிறிது வேறாகக் காட்டுதலும் உண்டு.

இவ்வாறு எல்லையில் நிற்கும் குறிப்புக்கு உறுதியான விடையை எக்கணிதமும் தராது. இரு இலக்கினங்களுக்கும் சாதகம் எழுதி, நடந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பு நோக்குதலே சாத்திரியார் கொள்ளும் வழி. அதுவும் ஊகமே. அத்தகைய குறிப்பைக் கொண்டு ஒரு சம்பந்தத்தைத் தள்ளுதல் முறையன்று. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கேனும் நேரத்தை முழுமையாக்காது நிமிடத்தோடு குறித்து, பிறந்த ஊரையும் எக்கணத்தைக் குறித்தோம் என்பதையும் அருகில் எழுதி வைப்போமாக.