வாக்கும் வயதும்

ஹேக்கர் நியூஸ் என்ற தளத்தை அமெரிக்க நிரலாளரும் முதலீட்டாளருமான பால் கிரகாம் 2007-ல் தொடங்கினார். அதில் வாசகர்கள் இணையச் சுட்டிகளைப் பதிவிடுவார்கள், பிடித்ததற்கு மற்றவர்கள் வாக்களிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 30 பதிவுகள். அந்த முதல் 30 இடங்களை எப்படிப் பங்கிடுவது?

அதிக வாக்கு பெற்றது மேலே என்று வைத்தால், என்றோ ஆயிரக்கணக்கில் வாக்கு வாங்கிய பதிவு இன்றும் முதலிடத்தில் உட்கார்ந்திருக்கும். புதியது மேலே என்று வைத்தால், நல்லதும் குப்பையும் வந்த வரிசையிலேயே வந்து அதே வரிசையில் காணாமல் போகும். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரு மதிப்பெண் கணக்கிட்டார்கள். எளிமையாக எழுதினால் அது இவ்வளவுதான்:

```
(p - 1) / (t + 2)^1.8
```

p என்பது வாக்கு, t என்பது பதிவு வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. ஒன்றைக் கழிப்பது, பதிவிட்டவரின் சொந்த வாக்கைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க. கீழே உள்ள 1.8-க்கு நிரலில் 'கிராவிட்டி' என்றே பெயர், அதாவது ஈர்ப்பு. அது கூடக்கூட பதிவு வேகமாகக் கீழே போகும்.

அந்த 2 எதற்கு என்று பலர் யோசிப்பதில்லை. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். வந்து ஒரு நிமிடமே ஆன பதிவுக்கு நண்பர் ஒருவர் வாக்களிக்கிறார். ஒரு நிமிடம் என்பது மணிக்கணக்கில் அறுபதில் ஒரு பங்கு. அவ்வளவு சின்ன எண்ணால் வகுத்தால் மதிப்பெண் 1,500-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு நாள் முழுக்க ஆயிரம் வாக்கு திரட்டிய பதிவுக்கோ சுமார் 3தான். ஒரே நண்பர் போதும், முதலிடம் கிடைத்துவிடும். 2 சேர்ந்ததும் அந்தப் புதுப் பதிவின் மதிப்பெண் 0.28-க்கு இறங்கிவிடுகிறது. மேலே ஏற அது இன்னும் கொஞ்சம் வாக்கு சம்பாதித்தாக வேண்டும்.

இப்போது இரண்டு பதிவுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது காலையில் வந்தது. 10 மணி நேரம் ஆகிறது, 101 வாக்கு. இரண்டாவது வந்து 2 மணி நேரம், 21 வாக்கு. கணக்குப் போட்டால் முதலாவதற்கு 1.14, இரண்டாவதற்கு 1.65. ஐந்தில் ஒரு பங்கு வாக்கு வாங்கியதுதான் மேலே நிற்கிறது. எதிர்பார்த்ததும் இதுதான்.

இரண்டுக்கும் இனி ஒரு வாக்கும் விழவில்லை என்று வைத்துக்கொள்வோம். 6 மணி நேரம் கழித்து மறுபடி கணக்கிட்டால் முதலாவதற்கு 0.55, இரண்டாவதற்கு 0.32. யாரும் எதுவும் செய்யாமலேயே பழையது புதியதை முந்திவிட்டது! காரணம் எளிது. இரண்டுக்கும் வயது ஏற ஏற அவற்றுக்கு இடையிலுள்ள 8 மணி நேர வித்தியாசம் பொருட்டாக இல்லாமல் போகிறது. மிஞ்சி நிற்பது வாக்கு வித்தியாசம்தான். தொடக்கத்தில் இளமைக்குச் சலுகை தந்து, பிறகு தகுதியைப் பார்க்கும் கணக்கு இது. எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது.

ஆனால் அந்த நியாயத்துக்கு விலை உண்டு. நேரம் கழிவதாலேயே வரிசை மாறும் என்றால், எல்லாப் பதிவுகளையும் ஓயாமல் மறுகணக்கு செய்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தளத்தின் நிரல் ஆர்க் என்ற மொழியில் எழுதப்பட்டது, பின்னர் பொதுவில் வெளியிடப்பட்டது. அதில் வாக்கு விழும் பதிவுக்குத்தான் இடம் திருத்தப்படுகிறது. அப்படியானால் மேலே ஏறிய பிறகு வாக்கே விழாத பதிவு என்ன ஆகும்? அதன் மதிப்பெண் சரிந்திருக்கும், ஆனால் அதை யாரும் தொட்டுப் பார்க்காததால் இடம் மட்டும் அப்படியே இருக்கும். இதற்கு கிரகாம் கண்ட வைத்தியம் வேடிக்கையானது. மேல்வரிசைப் பதிவுகளில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதன் இடத்தைத் திருத்தும் வேலை பின்னணியில் அவ்வப்போது ஓடும். எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிராமல், இன்று இதன் முறை என்று சீட்டு எடுப்பதுபோல. பெரிய கணினிச் செலவில்லாமல் வேலை நடந்தது.

ரெட்டிட் இந்தச் சிக்கலை வேறு வழியில் தவிர்த்தது. அதன் பொதுவில் வெளியான நிரலில் இருந்த கணக்கு, சாரமாக, இது:

```
log10(s) + t / 45000
```

இங்கே s என்பது ஆதரவு வாக்கில் எதிர்ப்பு வாக்கைக் கழித்தது. t என்பது பதிவின் வயது அல்ல. 2005 டிசம்பரில் ஒரு நொடியைத் தொடக்கமாக வைத்து, பதிவு வந்த நேரம்வரை எண்ணிய நொடிகள். அது ஒருபோதும் மாறாது. ஆக, இங்கே பழையது தேய்வதில்லை, புதிதாக வருவது ஒவ்வொன்றும் கொஞ்சம் உயரமான படியில் பிறக்கிறது. பதிவு வந்தபோதும் வாக்கு விழும்போதும் மட்டும் கணக்கிட்டால் போதும்.

45,000 நொடி என்பது பன்னிரண்டரை மணி நேரம். மடக்கை பத்து மடங்குக்கு ஒன்று கூடும். அதனால் பன்னிரண்டரை மணி நேரம் மூத்த பதிவு, இளையதோடு சமமாக நிற்கப் பத்து மடங்கு வாக்கு வாங்கியிருக்க வேண்டும். முதல் 10 வாக்குக்கு உள்ள வலு அடுத்த 90 வாக்குக்குத்தான் வரும் என்பது இதன் பக்கவிளைவு. தொடக்கத்தில் வாக்களிக்கும் சிலர் கையில் பதிவின் தலையெழுத்து இருக்கும்.

மேலே சொன்ன இரண்டு பதிவுகளை, 100 வாக்கும் 20 வாக்கும் என்று வைத்து, இந்தத் தராசில் நிறுத்தினால் பழையதே மயிரிழையில் மேலே நிற்கிறது. 6 மணி நேரம் கழித்தும், 6 மாதம் கழித்தும் அப்படியேதான். வாக்கு விழாமல் வரிசை மாறுவது இங்கே நடக்காது.

இந்தக் கணக்கின் பழைய வடிவத்தில் ஒரு பிழை இருந்தது. வாக்குக் கழித்தல் மறையெண்ணானால், அந்தக் கழித்தல் குறியை மடக்கையோடு பெருக்காமல் நேரத்தோடு பெருக்கிவிட்டார்கள். ஆண்டொன்றுக்கு நேரப் பகுதி மட்டும் சுமார் 700 புள்ளி ஏறும். சில ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கில் போய்விட்டது. புதுப் பதிவு ஒன்றுக்கு ஆதரவைவிட எதிர்ப்பு ஒன்றே ஒன்று கூடினாலும், அந்த ஆயிரம் முழுக்கக் கழித்தலாக மாறி, பதிவு பாதாளத்துக்குப் போகும். கூடவே இன்னொரு விநோதம்: வெறுக்கப்பட்ட பதிவுகளுக்குள் பழையது மேலேயும் புதியது கீழேயும் நின்றது. கூட்டம் அதிகமுள்ள பகுதிகளில் இது கண்ணில் படாது. நாளுக்கு நாலைந்து பதிவே வரும் பகுதியில், ஒரு விரோதி இரண்டு பேரை அழைத்து வந்தால் போதும், யாருடைய பதிவையும் புதைத்துவிடலாம். பிறகு குறி சரியான இடத்துக்கு நகர்த்தப்பட்டது.

சிறிய தளங்களின் உண்மையான பிரச்சினை ஈர்ப்பு எண்தான். 1.8 என்பது நிமிடத்துக்கு நிமிடம் பதிவு குவியும் கூட்டத்துக்குப் பொருந்திய எண். நாளுக்குப் பத்துப் பதிவு வரும் ஓர் ஊர்க்குழுவில் அதை அப்படியே போட்டால், மூன்று நாளைக்கு முன் 21 வாக்கு வாங்கிய நல்ல பதிவின் மதிப்பெண் 0.0086. இப்போதுதான் வந்து, எழுதியவரைத் தவிர ஒரே ஒருவர் வாக்களித்த பதிவுக்கு 0.29, முப்பது மடங்குக்கு மேல். வாக்குக்கு மதிப்பே இல்லாமல், பட்டியல் வெறும் தேதி வரிசையாகிவிடும். அதே இடத்தில் 0.8 என்று வைத்தால் பழையதற்கு 0.64, புதியதற்கு 0.57. போட்டி வந்துவிட்டது. தங்கள் எண் சரியா என்று பார்க்க விரும்புகிறவர்கள், முதல் பக்கத்தை அப்படியே எடுத்து, வெறும் தேதி வரிசையில் அடுக்கியதோடு ஒப்பிடலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எண்ணைக் குறைக்க வேண்டும். போன வாரப் பதிவுகளே முகத்தில் அடித்தால் கூட்ட வேண்டும்.